அஞ்சு வருஷ இன்ஷூரன்ஸ்: ஓராண்டில் முடிவது எது?

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஆகட்டும், அறந்தாங்கியில் ஆகட்டும், புது வண்டி எடுக்கப் போகிறவர் கையில் ஷோரூமில் ஒரு கோட்டேஷன் தாள் தருவார்கள். வண்டி விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம் என்று வரிசையாக இருக்கும். அதில் ‘இன்ஷூரன்ஸ் 1+5’ என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலானவர்கள் கடைசியில் உள்ள ஆன்ரோடு விலையைப் பார்க்கிறார்கள், முன்பணமும் மாதத் தவணையும் எவ்வளவு என்று கேட்கிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் “அஞ்சு வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் கட்டியாச்சு, இனி கவலையில்லை” என்கிறார்கள்.

இந்த நம்பிக்கை பாதிதான் சரி. அந்தத் தாளில் ஒரு பாலிசி இருப்பதுபோலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று காப்புகள் இருக்கின்றன. நம் வண்டி இடித்து அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கானது தேர்ட் பார்ட்டி. நம் வண்டி உடைந்தாலோ திருடுபோனாலோ பணம் தருவது சொந்த சேதக் காப்பு. பாலிசியில் ‘ஓன் டேமேஜ்’ என்று இருக்கும். வண்டியின் உரிமையாளரே ஓட்டிச் சென்று இறந்தாலோ கை கால் இழந்தாலோ பணம் தருவது மூன்றாவது, தனிநபர் விபத்துக் காப்பு. ‘1+5’ என்பதில் ஐந்தாண்டு ஓடுவது முதலாவது மட்டும். இரண்டாவது ஓராண்டில் முடிகிறது. மூன்றாவதும் பல பாலிசிகளில் ஓராண்டுக்குத்தான் போடப்படுகிறது. அதாவது முதல் பிறந்தநாளைத் தாண்டிய வண்டிக்கு, ஊரில் உள்ள மற்றவர்களுக்கான பாதுகாப்பு இருக்கிறது. ஓட்டுகிறவருக்கும் வண்டிக்கும் எதுவும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஓட்டுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கோவை மருத்துவர் போட்ட வழக்கு

ஐந்தாண்டு விதி ஷோரூம்காரர்கள் கொண்டுவந்தது அல்ல. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துச் சாவுகளைக் குறைக்க வழி கேட்டு 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. நாட்டில் ஓடும் சுமார் 18 கோடி வண்டிகளில் 6 கோடிக்குத்தான் தேர்ட் பார்ட்டி காப்பு இருக்கிறது என்ற கணக்கை அந்தக் குழு நீதிமன்றத்தின் முன் வைத்தது. வாங்கும்போது ஓராண்டுக்குக் கட்டுகிறார்கள், பிறகு புதுப்பிப்பதே இல்லை என்பதுதான் நோய். இருசக்கர வண்டிகளில் அது முற்றியிருந்தது. காப்பில்லாத வண்டி ஒருவரை இடித்துக் கொன்றுவிட்டால், தீர்ப்பாயம் பத்து லட்சம் கொடு என்று உத்தரவு போட்டாலும் வசூலிக்க ஆள் இருக்காது. கூலி வேலை செய்யும் வண்டிக்காரரிடமிருந்து எதை எடுப்பது?

2018 ஜூலை 20 அன்று நீதிபதிகள் மதன் பி. லோகுர், தீபக் குப்தா அமர்வு உத்தரவிட்டது: புது கார்களுக்கு மூன்றாண்டு, புது இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டி காப்பு கட்டாயம். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சாலையில் நடந்து போகிறவரின் பக்கம் நின்று பார்த்தால் இது மிக நல்ல உத்தரவு. தேர்ட் பார்ட்டியில் உயிரிழப்புக்கும் உடல் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவையும் கம்பெனி தர வேண்டும். அடுத்தவர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் இருசக்கர வண்டியில் 1 லட்சம் ரூபாய் என்ற எல்லை உண்டு. கீரமங்கலத்தில் பூச்சந்தைக்குப் போகும் பெண்ணை ஒரு புது வண்டி இடித்தால், அந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்குள் காப்பு இருக்கும் என்று இன்று நம்பலாம். 2018க்கு முன் அந்த உறுதி இல்லை.

லாபமா, நஷ்டமா?

ஐந்தாண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் மலிவு என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தேர்ட் பார்ட்டி கட்டணத்தைக் கம்பெனிகள் தங்கள் விருப்பத்துக்கு வைக்க முடியாது. அரசு அறிவிக்கும் விலைதான் எல்லாக் கம்பெனிக்கும். நம் ஊரில் அதிகம் ஓடும் 110, 125 சி.சி. வண்டிகள் 75 முதல் 150 சி.சி. என்ற பிரிவில் வருகின்றன.

2018 செப்டம்பரில் இந்தப் பிரிவுக்கு ஐந்தாண்டுக் கட்டணம் 3,285 ரூபாய். அதே காலத்தில் பழைய வண்டிக்காரர் ஆண்டுதோறும் கட்டியது முதல் ஆண்டு 720, பிறகு 2019 முதல் 752, 2022 ஜூனுக்குப் பிறகு 714. ஐந்து செப்டம்பர்களையும் கூட்டினால் 3,690 ரூபாய் வருகிறது. ஆக, அன்று மொத்தமாகக் கட்டியவருக்கு வரி சேர்க்காமல் 405 ரூபாய் மிச்சம். கட்டணம் ஏறினாலும் ஏற்கெனவே கட்டியவரிடம் மேற்கொண்டு கேட்கக் கூடாது என்ற விதி அவருக்குக் கைகொடுத்தது.

2022 ஜூன் 1 முதல் கணக்கு தலைகீழாகிவிட்டது. ஓராண்டுக்கு 714 என்றால் ஐந்தாண்டுக்கு 3,570தானே வர வேண்டும்? அறிவிக்கப்பட்ட ஐந்தாண்டுக் கட்டணம் 3,851 ரூபாய். மொத்தமாக முன்கூட்டிக் கட்டுகிறவர் 281 ரூபாய் கூடுதலாகத் தருகிறார். இடையில் கட்டணம் உயர்ந்தால்தான் அது ஈடாகும். அடுத்து வந்த இரண்டு ஆண்டுகளிலும் 714 மாறவில்லை. 3,851க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 693 ரூபாய் சேர்ந்தால் 4,544. இதையும் தவணையில் சேர்த்துக் கடன் வாங்கினால் ஐந்தாம் ஆண்டின் காப்புக்கு இன்றே வட்டி கட்டுகிறோம். புது வண்டிக்கு வேறு வழி இல்லை என்பதால் இதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேரம் பேச இடமிருப்பது சொந்த சேதக் கட்டணத்தில் மட்டும்தான். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தள்ளுபடியும் மாறும். ஷோரூம் காட்டும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. வேறு இடத்தில் எடுத்து வருகிறேன் என்று சொல்ல வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு.

பதின்மூன்றாம் மாதம்

பணக் கணக்கைவிட எனக்குப் பெரிய கவலை தருவது முதல் ஆண்டு முடிந்த மறுநாள். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு வேலைக்கு வந்து போகும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். 90,000 ரூபாய் விலையில் 125 சி.சி. வண்டி, மூன்றாண்டுத் தவணையில் எடுத்திருக்கிறார். பாலிசியில் வண்டியின் மதிப்பாகக் குறிக்கப்படுவதை ஐ.டி.வி. என்பார்கள். முதல் ஆண்டில் அது விலையில் 95 சதவீதம், அதாவது 85,500. வண்டி திருடுபோனால் கிடைக்கும் தொகையின் அடிப்படை அதுதான்.

ஓராண்டு முடிகிறது. சொந்த சேதக் காப்பைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கலாம். “அஞ்சு வருஷம் கட்டியிருக்கிறோமே, இது ஏதோ விளம்பரம்” என்று அவர் அழித்துவிடுகிறார். சாலையில் போலீஸ் சோதனை நடந்தால் பிரச்சினை இல்லை. சட்டம் கேட்பது தேர்ட் பார்ட்டி மட்டும், அது நடப்பில் இருக்கிறது. mParivahan செயலியில் இன்ஷூரன்ஸ் செல்லும் என்று காட்டலாம். அந்தத் தேதியை வைத்து சொந்த சேதக் காப்பு இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. யாரும் கேட்காததால் அவருக்கும் தெரியாமலே போகிறது. பதினெட்டாம் மாதத்தில் பேருந்து நிலையத்துக்கு அருகே நிறுத்திய வண்டி காணாமல் போகிறது. புதுப்பித்திருந்தால் இரண்டாம் ஆண்டுக் கழிவு 20 சதவீதம் போக 72,000 ரூபாய் அளவுக்கு ஐ.டி.வி. இருந்திருக்கும். இப்போது ஒரு ரூபாய் வராது. மிச்சமிருக்கும் பதினெட்டு மாதத் தவணையோ நிற்காது. வண்டி இல்லாமல் கட்ட வேண்டும்.

இதைத் தவிர்க்க அவருக்குச் செலவாகியிருக்கக்கூடியது, மாநகரங்களுக்கு வெளியே இந்த அளவு வண்டிக்கு முன்பு இருந்த பொது விகிதப்படி பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான். முதல் ஆண்டில் எந்தக் கோரிக்கையும் வைக்காதவருக்கு 20 சதவீத நோ கிளெய்ம் போனஸ் வேறு உண்டு. தேர்ட் பார்ட்டி ஒரு கம்பெனியில் ஓடிக்கொண்டிருக்கும்போது சொந்த சேதக் காப்பை மட்டும் தனியாக, வேறு கம்பெனியில்கூட எடுக்கலாம். 2019 செப்டம்பர் முதல் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் 90 நாளைத் தாண்டி விட்டுவிட்டால் போனஸ் போய்விடும், வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொல்வார்கள்.

ஐந்தாண்டுக்கும் இரண்டையும் சேர்த்து விற்கும் பாலிசியும் முன்பு இருந்தது. 2018இல் வந்த அந்த ‘5+5’ வகையை ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020 ஆகஸ்ட் 1 முதல் நிறுத்தச் சொன்னது. மொத்தமாகக் கட்டுவது பலருக்குச் சுமையாக இருந்தது, வாங்கியவர் கம்பெனி மாற முடியாமல் கட்டுண்டு கிடந்தார் என்பதெல்லாம் காரணம். அது நியாயமான முடிவுதான். ஆனால் அதற்குப் பிறகு ‘1+5’ பொதுவழக்கமான நிலையில், இரண்டு வெவ்வேறு முடிவுத் தேதிகள் இருப்பதை வாங்குபவருக்குப் புரியும்படி சொல்லும் வேலையை யாரும் முறையாகச் செய்யவில்லை.

ஓட்டுகிறவருக்கு என்ன?

ஆடு குறுக்கே ஓடி, மணலில் வழுக்கி, இருட்டில் பள்ளம் தெரியாமல் தானே விழுந்தவருக்கு வழக்குப் போட எதிராளி கிடையாது. தன் தேர்ட் பார்ட்டி பாலிசியிலிருந்து தனக்கே இழப்பீடு கேட்கவும் முடியாது. அந்தக் குடும்பத்துக்கு இருக்கும் ஒரே வழி, உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு. இருசக்கர வண்டிக்கு இது வெறும் 1 லட்சமாக இருந்தது. இது போதவே போதாது, 15 லட்சமாக்குங்கள் என்று 2017இல் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 2018இல் அது 15 லட்சம் ஆனது.

2019 ஜனவரி முதல் இந்தக் காப்பை வண்டிப் பாலிசியிலிருந்து பிரித்துத் தனியாக எடுக்கலாம் என்று ஆனது. இரண்டு வண்டி வைத்திருப்பவர் இரண்டு தடவை கட்ட வேண்டியதில்லை, ஏற்கெனவே 15 லட்சத்துக்கு விபத்துக் காப்பு உள்ளவர் வண்டியோடு வாங்க வேண்டியதில்லை. நல்ல சலுகைதான். ஆனால் ஷோரூமில் ஆன்ரோடு விலையைக் குறைத்துக் காட்டுவதற்கு இதை ஓராண்டோடு நிறுத்துவது எளிதாகிவிட்டது. ஓராண்டுக்குச் சில நூறு ரூபாய் செலவுள்ள காப்பு இது. பாலிசியில் ‘பி.ஏ. ஓனர் டிரைவர்’ என்ற இடத்தில் எந்தத் தேதி வரை என்று பாருங்கள்.

இந்தக் காப்புக்கு நிபந்தனைகளும் உண்டு. ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் பாலிசியிலும் இருக்க வேண்டும், அவரே ஓட்டியிருக்க வேண்டும், செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். நம் ஊர்களில் வண்டி அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகன். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் அண்ணன் பெயரில் வாங்கி ஊரில் தம்பி ஓட்டுவதும் இந்த மாவட்டத்தில் சாதாரணம். அந்த மகனோ தம்பியோ தானாக விழுந்து இறந்தால், அவருக்கான காப்பாக இது இல்லை. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவராகவே கருதப்படுவார், அவரை மூன்றாம் நபராகக் கொள்ள முடியாது என்று நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இலேயே சொல்லிவிட்டது. இப்படிப்பட்ட வீடுகளில் ஓட்டுகிறவர் பெயரில் தனி விபத்துப் பாலிசி எடுப்பதுதான் சரி. மருத்துவமனைச் செலவும் இந்தக் காப்பில் வராது. உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் பணம். முதல் 48 மணி நேரத்துக்குத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது, அரசுத் திட்டங்களில் அடங்காத செலவு குடும்பத்தின் தலையில்.

பின்னால் உட்கார்ந்திருப்பவர்

மனைவி, அம்மா, பள்ளிக்குப் போகும் பிள்ளை என்று நம் வண்டிகளின் பின் இருக்கை காலியாகப் போவது குறைவு. எதிரே வந்த வண்டி மீது தவறு என்றால் அவர்களுக்கு அந்த வண்டியின் கம்பெனி இழப்பீடு தரும். நம் வண்டி தானாகவே விழுந்தால்? தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில் பின்னால் உட்கார்ந்தவருக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று திலக் சிங் வழக்கிலும் (2006), சுதாகரன் வழக்கிலும் (2008) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. முழுப் பாலிசி என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் அவருக்குக் காப்பு உண்டு. ஓராண்டில் சொந்த சேதக் காப்பு முடிந்ததும் நம் பாலிசி பேக்கேஜ் என்ற நிலையிலிருந்து தேர்ட் பார்ட்டி மட்டும் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறது. வண்டியோடு சேர்ந்து பின்னிருக்கைக்காரரும் பாதுகாப்பை இழக்கிறார் என்பது பலர் கனவிலும் நினைக்காத விஷயம். தனியாக எடுக்கும் சொந்த சேதக் காப்பு வண்டிக்கானது. பின்னிருக்கைக்காரர் அதற்குள் வந்துவிடுவார் என்று எடுத்துக்கொள்ளாமல், பின்னிருக்கைப் பயணிக்கான விபத்துக் காப்பை எழுத்தில் கேட்டுச் சேர்ப்பது நல்லது.

இதே ஓட்டை ஒரு கார் வழக்கில் தெரியவந்தபோது சென்னை உயர் நீதிமன்றம் அதை அடைக்கப் பார்த்தது. ஈரோட்டு வழக்கு அது. காரில் போனவர் விபத்தில் இறந்தார், தீர்ப்பாயம் சுமார் 14.65 லட்சம் கொடுக்கச் சொன்னது. அந்தக் காருக்கு இருந்தது தேர்ட் பார்ட்டி மட்டும் என்று கம்பெனி மேல்முறையீடு செய்து வென்றது. அந்தத் தீர்ப்பிலேயே, 2021 ஆகஸ்ட்டில், நீதிபதி எஸ். வைத்தியநாதன் ஒரு பெரிய உத்தரவையும் போட்டார்: செப்டம்பர் 1 முதல் விற்கும் எல்லாப் புது வண்டிகளுக்கும் ஓட்டுநர், பயணி, உரிமையாளர் அனைவரையும் சேர்த்து ஐந்தாண்டுக்கு ‘பம்பர் டு பம்பர்’ காப்பு கட்டாயம். போக்குவரத்துத் துறை சுற்றறிக்கைகூட அனுப்பியது. உடனே செயல்படுத்த முடியாது என்று காப்பீட்டுத் துறையினர் முறையிட, செப்டம்பர் 13 அன்று நீதிபதியே அந்தப் பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எல்லாக் காப்பையும் ஐந்தாண்டுக்கு வாங்க வைத்தால் வண்டி விலை ஏறும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அந்த நீதிபதி கையை வைத்த இடம் சரியானது. வண்டி உடைவதற்கான காப்பு விருப்பமாக இருக்கட்டும். ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர் என்ற இரு உயிர்களுக்கான காப்பாவது தேர்ட் பார்ட்டியோடு சேர்ந்து ஐந்தாண்டும் ஓட வேண்டும். சில நூறு ரூபாய்க் கட்டணத்தில் முடிகிற காரியம் அது.

கைமாறும்போதும், ஆறாம் ஆண்டிலும்

நீண்ட காலக் காப்பில் இன்னொரு சிக்கல், நடுவில் வண்டி கைமாறுவது. விற்றவுடன் தேர்ட் பார்ட்டி சட்டப்படி வாங்கியவருக்கு மாறியதாகவே கொள்ளப்படும். 14 நாளுக்குள் அவர் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். “இன்னும் மூணு வருஷம் இன்ஷூரன்ஸ் இருக்கு” என்று சொல்லி விற்கிறார்கள், வாங்கியவரும் பழைய பெயரிலேயே ஓட்டுகிறார். அடுத்தவரை இடித்தால் காப்பு உண்டு. தானே விழுந்தால் 15 லட்சம் கிடையாது, ஏனென்றால் பாலிசியில் இருப்பது பழைய உரிமையாளரின் பெயர். ஆர்.சி.யைப் பெயர் மாற்றாமல் விற்றவருக்கும் ஆபத்து குறைவல்ல. விபத்து வழக்கில் நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் வரும்.

வண்டி முழுச் சேதமாகிப் பதிவு ரத்தானாலோ தவறுதலாக இரட்டைப் பாலிசி இருந்தாலோ மிச்ச ஆண்டுகளுக்கான தேர்ட் பார்ட்டி பணத்தைக் கேட்டு வாங்கலாம். ஐந்தாண்டுப் பணத்தை வாங்கும் கம்பெனி அதை ஆண்டுக்கு ஒரு பங்காகத்தான் தன் வருமானத்தில் சேர்க்கிறது. மீதி முன்பணமாகவே இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் வண்டி சுக்குநூறானவர் மூன்று ஆண்டுப் பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுவது தேவையில்லாத இழப்பு.

கடைசியாக ஆறாம் ஆண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்கிறார்கள் என்றுதான் நீதிமன்றம் ஐந்தாண்டு வைத்தது. ஐந்தாண்டு எதையும் புதுப்பிக்காமல் பழகியவருக்கு ஆறாம் ஆண்டு நினைவிருக்குமா? 2018 செப்டம்பரில் இந்த விதியின் கீழ் முதலில் விற்ற வண்டிகளின் தேர்ட் பார்ட்டி 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. அந்த வண்டிகள் TN 55 பலகையோடு திருமயம் சாலையிலும் கீரனூர் சாலையிலும் இன்றும் ஓடுகின்றன. முடிந்தது தெரியாமல் ஓட்டி ஒருவரை இடித்துவிட்டால், தீர்ப்பாயம் விதிக்கும் முழுத் தொகையும் வண்டிக்காரரின் நிலம், வீடு, சம்பளத்திலிருந்து போகும். போலீஸிடம் பிடிபட்டால் அபராதம் முதல் முறை 2,000 ரூபாய். அது இதற்கு முன் ஒன்றுமே இல்லை. ஐந்தாண்டுக்குப் பிறகு ஓராண்டு தேர்ட் பார்ட்டி, 2022 ஜூன் கட்டணப்படி, 714 ரூபாயும் வரியும்தான்.

என் தீர்ப்பு இது: ஐந்தாண்டுத் தேர்ட் பார்ட்டி சாலையில் போகும் எல்லோருக்கும் நல்லது, அது தொடர வேண்டும். ஆனால் அதை ‘அஞ்சு வருஷ இன்ஷூரன்ஸ்’ என்ற பெயரில் விற்பது நிற்க வேண்டும். மூன்று காப்புகளின் முடிவுத் தேதியையும் பாலிசியின் முதல் பக்கத்தில் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட வேண்டும். அதுவரை, வாசகர்களே, வண்டியின் சீட்டுக்கடியிலோ போனிலோ இருக்கும் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். லயபிலிட்டி, ஓன் டேமேஜ், பி.ஏ. ஓனர் டிரைவர் மூன்றுக்கும் எதிரே உள்ள தேதிகளை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஏதாவது ஒன்று முடிந்திருந்தால், அதைப் புதுப்பித்த பிறகு வண்டியை எடுங்கள்.